பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரம்: ஐந்து கற்களும் ஒரு விளையாட்டுத் தேர்வும்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. அடுத்த வாரம் பொதுத்தேர்வு. நன்றாகப் படிக்கிறவள்தான், ஆனால் சில நாட்களாகப் புத்தகத்தைத் திறந்தாலே உள்ளங்கை வியர்க்கிறது, படித்ததெல்லாம் மறந்துவிட்டது என்று அழுகிறாள். பதற்றம் குறைய வீட்டிலேயே விளையாட்டாக ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், இன்று மாலையே தொடங்கலாம். பத்தாம் வகுப்புக்குப் பல ஆண்டுகள் கணிதம் எடுத்தவள் நான். ஆனால் இங்கே எழுதப்போவது பள்ளியில் கற்றதைவிட, இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தங்கை வீட்டில் தங்கியிருந்த ஒரு வாரத்தில் கற்றது. தங்கை மகளுக்கும் உங்கள் மகளுக்கு இருப்பதே இருந்தது: வியர்க்கும் கை, மறந்துவிட்டது என்ற அழுகை.

அவளுக்கு எதுவும் மறந்திருக்கவில்லை. ஒரு கணக்கைப் போடும்போது இரண்டு மூன்று எண்களை மனத்தில் ஏந்திக்கொண்டுதான் அடுத்த வரிக்குப் போகிறோம். அப்படி ஏந்திக்கொள்ளும் இடம் மிகச் சிறியது. “வராவிட்டால் என்ன செய்வேன்” என்ற கவலையும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தெரிந்த பாடம் உள்ளே இருக்கும், வெளியே வர வழி இருக்காது. “பயப்படாதே” என்று சொன்னால் அந்த இடம் காலியாவதில்லை. கண்ணும் கையும் ஒருசேர வேலை செய்தாக வேண்டிய ஒரு விளையாட்டைக் கொடுத்தால் சிறிது நேரத்துக்குக் கவலைக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. தொலைக்காட்சி இதைச் செய்யாது. கண் திரையில் இருக்கும், மனம் தேர்வு மையத்தில் இருக்கும்.

அதனால் நான் எடுத்தது ஐந்தாங்கல். புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிதாக, கூர்முனை இல்லாத ஐந்து கூழாங்கற்கள் போதும். கழற்சிக்காய் கிடைத்தால் இன்னும் நல்லது, உருண்டையாகக் கைக்கு அடக்கமாக இருக்கும். சங்கப் பாடல்களில் பெண்கள் மணலில் ஆடும் கழங்கு அதுதான் என்பார்கள். சிமென்ட் தரையில் ஆடினால் விரல் நுனியும் நகமும் தேயும். எழுத வேண்டிய கை அது. கோரைப்பாய் விரித்து அதன்மேல் ஆடட்டும்.

ஆட்டம் ஊருக்கு ஊர் சிறிது மாறும். எங்கள் வீட்டு முறை இது. ஐந்து கற்களையும் பாயில் பரப்பிவிட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் பாயில் உள்ள ஒரு கல்லை அள்ளி, அதே கையால் எறிந்த கல்லையும் பிடிக்க வேண்டும். இப்படி நான்கு கற்களையும் ஒவ்வொன்றாக எடுப்பது ஒன்றாங்கல். அடுத்து இரண்டிரண்டாக. பிறகு மூன்றும் ஒன்றும். அதன்பின் நான்கையும் ஒரே அள்ளில். கடைசியில் ஐந்தையும் சேர்த்து எறிந்து புறங்கையில் ஏந்தி, அங்கிருந்து மறுபடி எறிந்து உள்ளங்கையில் பிடிக்க வேண்டும். பிடித்த கல் ஒவ்வொன்றும் ஒரு பழம். எடுக்கும்போது பக்கத்துக் கல் அலுங்கினால் ஆட்டம் அடுத்தவருக்குப் போய்விடும்.

முதல் நாள் மாலை ஆறரை மணிக்குப் பாயை விரித்தேன். “பெரியம்மா, இதை விளையாடுகிற நேரத்தில் ஒரு நெடுவினா படித்துவிடுவேன்” என்றாள். வற்புறுத்தவில்லை. “சரி, நீ படி. நான் உன் தம்பியோடு ஆடுகிறேன்” என்று ஆறாம் வகுப்புப் படிக்கும் பையனை உட்கார வைத்துக்கொண்டேன். அவனுக்கு மூன்றாங்கல் வரவே இல்லை. கல் உருளும் சத்தத்தையும் அவனுடைய கூச்சலையும் அவள் ஐந்து நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. புத்தகத்தை விரலால் அடையாளம் வைத்து மூடிவிட்டு, “அப்படி இல்லைடா, கல்லைப் பார்க்காதே, மேலே பார்” என்று வந்து உட்கார்ந்தாள். எறிந்த கல் மேலே இருக்கும் அந்த நொடியில் எவராலும் வேறு எதையும் நினைக்க முடியாது. இந்த விளையாட்டை நான் நம்புவது அதனால்தான்.

இருபது நிமிடத்தில் பாயைச் சுருட்டிவிட்டேன். இன்னும் ஓர் ஆட்டம் என்று கேட்டார்கள், நாளைக்கு என்றேன். கேட்கும்போதே நிறுத்துவது முக்கியம். முக்கால் மணி நேரம் ஓடிவிட்டால் “நேரத்தை வீணாக்கிவிட்டேன்” என்ற குற்ற உணர்வு வந்து, குறைந்த பதற்றம் இரட்டிப்பாகத் திரும்பும். தாயம் எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம், ஆனால் இந்த வாரத்துக்கு ஆகாது. தாயம் விழவே அரை மணி நேரம் போகும், காய் வெட்டுப்பட்டால் மனம் கசக்கும். கைப்பேசி விளையாட்டும் வேண்டாம், அதை நிறுத்துவதே ஒரு சண்டையாகிவிடும். தெருக் கிரிக்கெட்டில் விரலில் அடிபட்டு, வீங்கிய கையோடு தேர்வெழுத வந்த மாணவனை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் செய்த இன்னொன்றுதான் அதிகம் உதவியது. தேர்வு அறையையே விளையாட்டாக்கினோம். பொதுத்தேர்வில் காலை 10 மணிக்கு மணி அடித்ததும் வினாத்தாள் கைக்கு வரும். பத்து நிமிடம் அதைப் படிக்க மட்டுமே. 10:10 முதல் ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்பில் உள்ள விவரங்களைச் சரிபார்த்துக் கையெழுத்திட. 10:15க்குத்தான் எழுதத் தொடங்க வேண்டும். குழந்தைகளை அதிகம் உலுக்குவது அந்த முதல் கால்மணி நேரம். மூன்று மணி நேரம் எழுதிப் பார்க்கும் மாதிரித் தேர்வுகளைப் பள்ளியில் வேண்டிய அளவு வைத்துவிடுகிறோம், இந்தப் பதினைந்து நிமிடத்தைத் தனியாக எவரும் பழக்குவதில்லை.

தம்பிதான் அறைக் கண்காணிப்பாளர். தாத்தாவின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எவர்சில்வர் தட்டில் கரண்டியால் மணி அடித்தான். வினாத்தாளையும் அவனே தயாரித்தான். “தாத்தா ஒரு நாளில் எத்தனை முறை கண்ணாடியைத் தேடுகிறார்?” “மோர்க்குழம்புக்கும் புளிக்குழம்புக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக.” “எழுந்திரு, மணி ஐந்தாகிவிட்டது – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.” “நம் வீட்டுப் பூனையின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கவும்.” பாடத்திலிருந்து ஒரு கேள்விகூட இருக்கக் கூடாது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். பாடம் உள்ளே நுழைந்தால் அது விளையாட்டாக இருக்காது, பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் கேள்வி மட்டும் நான் எழுதியது: “எதிர்வீட்டு நாய் பிறந்த தேதி என்ன?” எவருக்கும் தெரியாது. அதைப் படித்ததும் அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் பேனாவை இறுக்கிப் பிடித்தாள், அந்த வரியிலேயே நின்றுவிட்டாள். அப்போதுதான் எனக்கே புரிந்தது. வினாத்தாள் முழுவதும் அவளுக்குப் பயமில்லை, தெரியாத ஒன்று முதலில் கண்ணில் படும் அந்தக் கணம்தான் பயம். அரையாண்டுத் தேர்வில் அப்படி நடந்ததாகவும், அதன்பின் தெரிந்த கேள்விகள்கூட எழுத்தெழுத்தாகக் கலைந்து தெரிந்ததாகவும் அன்று இரவு சொன்னாள்.

அதன்பின் விளையாட்டின் விதியை மாற்றினோம். ஒவ்வொரு மாலையும் முதல் கேள்வி விடையே இல்லாத கேள்வியாக இருக்கும். அதை அவள் வாய்விட்டுப் படித்து, “பிறகு வருகிறேன்” என்று அதனிடமே சொல்லிவிட்டு, கண்ணாலேயே தேடி நன்றாகத் தெரிந்த மூன்று கேள்விகளைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று கிடைத்ததும் பேனா மூடியால் மேசையை ஒருமுறை தட்ட வேண்டும். விதி மாறிய முதல் மாலை நான்கு நிமிடம் ஆனது. ஐந்தாம் நாள் தம்பி மணி அடித்து முடிப்பதற்குள் தட்டிவிட்டாள், அவன் கோபித்துக்கொண்டு மறுநாள் கேள்விகளைக் கடினமாக்கினான்.

உடல் பதற்றத்துக்குத் தனியாக ஒன்று உண்டு: உட்கார்ந்த இடத்தில் சடுகுடு. மூச்சை மெல்ல உள்ளிழுத்து, அது வெளியே போகும் வரை தணிந்த குரலில் “சடுகுடு சடுகுடு” என்று சொல்ல வேண்டும். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். வெளிமூச்சு நீண்டால் அந்தத் தணிவும் நீள்கிறது. குழந்தைகள் இதை யார் அதிக நேரம் என்ற போட்டியாக்கி முகம் சிவக்க முட்டி நிற்பார்கள், அது எதிர்விளைவையே தரும். உதட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய தாள் கீற்றைப் பிடித்து, அது அசையாமல் சொல்பவரே வெற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து மூச்சு போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும், இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு இது வேண்டாம்.

பயன் இருக்கிறதா என்பதை மதிப்பெண்ணுக்குக் காத்திராமலே பார்க்கலாம். ஆட்டத்தின் நடுவே கடிகாரத்தைப் பார்ப்பது குறையும். தோற்றால் சண்டை போடுவாள், அது நல்ல அடையாளம், பதற்றத்தில் இருக்கும் பிள்ளைக்குச் சண்டை போடவும் தெம்பு இருக்காது. சில்லிட்ட கை ஆட்டம் முடியும்போது வெதுவெதுப்பாக இருக்கும். தங்கை மகள் நான்காம் நாள் இரவு, “மறந்துவிட்டது” என்பதற்குப் பதில் “இந்த இரண்டு தேற்றம் மட்டும் சரியாக வரவில்லை” என்றாள். அந்த இரண்டையும் மறுநாள் காலையில் போட்டுப் பார்த்தோம்.

இவற்றால் ஆகாத நிலையும் உண்டு. இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து தூங்கவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அடிக்கடி வாந்தி வருகிறது என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற பொருளில் ஒரு சொல் சொன்னாலும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாக விடாமல் கூடவே இருந்து, அன்றே 14416 என்ற மனநல உதவி எண்ணிலோ 104லோ பேசுங்கள். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

தேர்வுக்கு முதல் நாள் மாலை விளையாட்டுத் தேர்வு வைக்க வேண்டாம், அன்று ஐந்தாங்கல் மட்டும், அதுவும் பத்து நிமிடம். தேர்வுகளுக்கு நடுவே விடுமுறை நாட்கள் வரும், அந்த மாலைகளிலும் பாயை விரிக்கலாம். உங்கள் மகளுக்குத் தம்பி தங்கை இல்லை என்றால் கண்காணிப்பாளராக நீங்களே மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். கேள்விகளை மட்டும் பாட்டியையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதினால், தெரியாமலேயே மூன்றாவது கேள்வியில் பாடம் வந்துவிடும்.