முதற் சொல் வராதபோது

வணக்கம். மகன் தரம் 7இல் படிக்கிறான். வீட்டில் நன்றாகக் கதைப்பான், இடைக்கிடை திக்கும். ஆனால் வகுப்பில் வரிசையாகப் பாடம் வாசிக்கும்போது முதற் சொல்லே வராது, மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். அடுத்த மாதம் சுற்றாடல் பற்றி ஒரு முன்வைப்பும் இருக்கிறது. அவனை விட்டுவிடச் சொல்லி டீச்சரிடம் கேட்கலாமா?
– ஓர் அம்மா, கொட்டாஞ்சேனை

அன்புள்ள சகோதரி,

விட்டுவிடச் சொல்லாதீர்கள். வாசிக்க வைக்கும் முறையை மாற்றச் சொல்லுங்கள்.

கதைக்கும்போது ஒரு சொல் வராவிட்டால் வேறொன்றைப் போட்டுத் தப்பிவிடலாம். புத்தகத்தில் அச்சிட்டிருப்பதை மாற்ற முடியாது. வரிசை வேறு சேர்ந்தால் தன் பந்தி எதுவென்று முன்கூட்டியே எண்ணி, அதில் எந்தச் சொல் சிக்கும் என்று தேடிக்கொண்டு இருப்பான். முன்னால் இருப்பவர்கள் வாசித்தது எதுவும் காதில் விழுந்திருக்காது. வாசிப்புப் பாடத்தில் மட்டும் கழிவறைக்குப் போகக் கேட்கிறானா என்று டீச்சரிடம் விசாரியுங்கள்.

இதற்கு நல்ல வழி, இருவர் ஒன்றாக வாசிப்பது. திக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு, இன்னொருவருடன் ஒரே நேரத்தில் அதே வரியை வாசித்தால் திக்கல் வெகுவாகக் குறைந்துவிடும். வகுப்பில் எல்லோரையும் சோடி சோடியாக வாசிக்க விட்டால் இவன் மட்டும் தனித்துத் தெரியமாட்டான். பழகியபின் கூட்டாளி முதல் வரியில் மட்டும் சேர்ந்து, பிறகு நிறுத்தலாம். ஆனால் இது குணமாக்கும் வைத்தியமல்ல. தனியே வாசிக்கும்போது திக்கல் திரும்ப வரும், வந்தால் பயப்படாதீர்கள். தனியே வாசிக்கும் நாளில் அவனை முதலாவதாகவோ இரண்டாவதாகவோ கூப்பிடட்டும். காத்திருப்புத்தான் பாதிச் சிக்கல்.

முன்வைப்பில் பெரும்பாலும் இடறும் இடம் "எனது பெயர்..." என்ற தொடக்கம். சொந்தப் பெயருக்கு மாற்றுச் சொல் ஏது? பெயரையும் தலைப்பையும் டீச்சரே அறிவித்துவிட்டால், அவன் நேரே விஷயத்துக்கு வரலாம். நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தவும், சரளத்துக்கு அல்லாமல் உள்ளடக்கத்துக்குப் புள்ளி கொடுக்கவும் கேளுங்கள். வீட்டில் முதலில் உங்களுக்கு, பிறகு ஒரு மாமாவுக்கோ சித்திக்கோ, அப்புறம் இரண்டு கூட்டாளிகளுக்கு என்று சொல்லிப் பார்க்கட்டும். "சில சொல் வர எனக்கு நேரமெடுக்கும்" என்று அவனே தொடக்கத்தில் சொல்ல விரும்பினால் சொல்லட்டும். கேட்பவர்களின் அந்தரம் குறையும், அவனும் திக்கலை மறைக்கப் பாடுபடத் தேவையில்லை. விருப்பமில்லையென்றால் வற்புறுத்தாதீர்கள்.

சொல் சிக்கும்போது "மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு", "ஆறுதலாச் சொல்லு" என்பார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் உதவாது. அவன் தொடங்கிய சொல்லை வேறு யாரும் முடிக்கவும் கூடாது. முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால் சரி. சிரிப்பவர்களை டீச்சர் அவன் முன்னால் வைத்து ஏசாமல், வேறொரு நேரத்தில் கண்டிக்க வேண்டும்.

கண்ணை இறுக்கி மூடுவது, தலையை ஆட்டிச் சொல்லைத் தள்ளுவது, தெரிந்த பதிலுக்கும் "தெரியாது" என்று சொல்வது, இவற்றில் ஏதாவது இருந்தால் முன்வைப்பு முடியும்வரை பார்த்திராமல் பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள். பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை உங்களுக்குக் கிட்டத்தானே. அங்கே போகும்போது, வகுப்பில் எந்த நேரத்தில் அதிகம் திக்குகிறது என்று டீச்சரிடம் நாலு வரி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.