ஆறரை சதவீதம் என்றார்கள், கைக்கு வந்தது சில ரூபாய்

கேள்வி: வரம்புக்கு மேல் உள்ள பணம் தானாகவே எஃப்.டி. ஆகிவிடும் ஆட்டோ ஸ்வீப்பைச் சம்பளக் கணக்கில் போட்டால் ஆறரை சதவீத வட்டி கிடைக்கும் என்று கிளையில் சொன்னார்கள். எட்டு மாதமாகிறது. சம்பளம் 60,000 ரூபாய், மாதக் கடைசியில் எல்லாம் செலவாகிவிடும். பழைய சேமிப்பு 2,10,000 ரூபாயும் அதே கணக்கில்தான் இருக்கிறது. வரம்பு 25,000 என்று வைத்திருக்கிறார்கள். பாஸ்புக் முழுக்க எஃப்.டி. போட்டதும் உடைத்ததுமாக ஆயிரம் ஆயிரமாக வரிகள். வட்டி மட்டும் சொற்பம். என் பணம் எங்காவது போகிறதா? நிறுத்திவிடலாமா? (ஓர் ஆசிரியை, திருச்சி)

பதில்: பணம் எங்கும் போகவில்லை, அம்மா. எஃப்.டி.களையும் சேமிப்பு இருப்பையும் கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். வட்டிதான் கசிந்துகொண்டிருக்கிறது.

ஒரு மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதல் தேதி 60,000 வருகிறது. கணக்கில் 25,000 நிற்கிறது, மீதி 35,000 புது எஃப்.டி. ஆகிறது. ஐந்தாம் தேதி வாடகையும் வண்டிக் கடன் தவணையும் போகின்றன. சேமிப்பில் இருந்த 25,000 தீர்ந்ததும் எஃப்.டி.யில் கை வைக்கிறது கம்ப்யூட்டர். பெரும்பாலும் ஆயிரத்தின் மடங்காகத்தான் உடைக்கும். நீங்கள் இட்லிக் கடையில் யுபிஐயில் 40 ரூபாய் கொடுத்தாலும் ஆயிரம் ரூபாய் உடையும். மாதம் முடிவதற்குள் 35,000 ரூபாயும் இப்படித் துண்டு துண்டாக உடைந்துவிடும். பாஸ்புக்கின் அந்த நீள வரிசை இதுதான்.

இப்போது முக்கியமான விஷயம். எந்த எஃப்.டி.யை உடைக்கிறது? முந்தாநாள் போட்டதையா, எட்டு மாதத்துக்கு முன் போட்டதையா? கணக்கு தொடங்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் ஏதோ ஒரு மூலையில், பொடி எழுத்தில், இதற்கு ஒரு கட்டம் இருந்திருக்கும். கடைசியில் போட்டதை முதலில் உடைப்பதை ‘லிஃபோ’ என்பார்கள், முதலில் போட்டதை முதலில் உடைப்பதை ‘ஃபிஃபோ’ என்பார்கள். உங்கள் பணத்தின் தலையெழுத்தே அந்தக் கட்டத்தில் இருக்கிறது. அதை ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை, நீங்கள் பெயர் எழுதி முடிப்பதற்குள் கவுன்ட்டரில் இருப்பவரே டிக் அடித்துவிடுவார். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான், அதனால் தெரியும்.

பழசை முதலில் உடைக்கும் முறையென்றால், மாதா மாதம் 35,000 ரூபாய் உங்கள் 2,10,000 ரூபாயிலிருந்து போகும். அந்த இடத்தில் புதிதாக 35,000 வந்து உட்காரும். ஆறு மாதத்தில் பழைய சேமிப்பு முழுவதும் ஒரு சுற்று மாறிவிடும். ஓராண்டு முடிந்தால்தான் ஆறரை சதவீதம், ஆனால் உங்கள் கணக்கில் எந்த எஃப்.டி.யும் ஓராண்டைப் பார்க்கவே போவதில்லை. பாதியில் உடைந்ததற்கு, அது கிடந்த நாட்களுக்கு உரிய விகிதம்தான் தருவார்கள். அதிலும் அரை சதவீதம்போல அபராதம் கழியும். ஏழு நாள்கூட நிற்காத பணத்துக்கு வட்டியே கிடையாது. ஒரு மாதம் கிடந்ததற்கு மூன்று சதவீதம் என்று வைத்தால், அபராதம் போக இரண்டரை. அந்த இரண்டரை சும்மா சேமிப்பிலேயே கிடந்தாலும் வரும்.

கணக்குக்காக, ஐந்தாறு மாதத்துக்கான விகிதம் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அபராதம் போக நாலரை. 2,10,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 9,450 ரூபாய். அதே தொகையைத் தொடாமல் ஓராண்டு விட்டிருந்தால் ஆறரை சதவீதத்தில் 13,650. வித்தியாசம் 4,200 ரூபாய். முதல் சில மாதங்களில் உடைந்தவை இன்னும் இளசாக இருந்திருக்கும், அதனால்தான் உங்களுக்கு ‘சில ரூபாய்’ என்று தோன்றுகிறது.

எப்படித் தெரிந்துகொள்வது? நெட் பேங்கிங்கில் எஃப்.டி. பட்டியலைத் திறந்து தொடங்கிய தேதிகளைப் பாருங்கள். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதியிட்ட பெரிய தொகை இன்னும் அப்படியே இருந்தால் கவலையில்லை. எல்லாத் தேதியும் சமீபத்தியவையாக இருந்தால் பழசைத்தான் தின்றுகொண்டிருக்கிறது.

நிறுத்தத் தேவையில்லை. வரம்பை 25,000 ரூபாயிலிருந்து 60,000 ரூபாய்க்கு உயர்த்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். சம்பளம் சேமிப்பிலேயே இருந்து, சேமிப்பிலேயே தீரும். 2,10,000 ரூபாய் அசையாது, அவசரத்துக்கு மட்டும் உடையும். ‘எங்கள் சாஃப்ட்வேரில் வரம்பை மாற்ற முடியாது’ என்றால், அந்தத் தொகையை எடுத்து ஸ்வீப்புடன் இணைக்காத சாதாரண எஃப்.டி. ஆகப் போட்டுவிடுங்கள். கூடவே உடைக்கும் வரிசையை ‘கடைசியில் போட்டது முதலில்’ என்று மாற்றக் கேளுங்கள். வாய்மொழியாக வேண்டாம். கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எஃப்.டி.யைக் காட்டிக் கிரெடிட் கார்டோ கடனோ வாங்கியிருந்தால் வங்கி அதன்மீது ‘லியன்’ என்று ஒரு பிடி போட்டுவிடும். பிடி உள்ள எஃப்.டி., கணக்கில் பணம் குறைந்தாலும் உடையாது. நீங்கள் பட்டியலைப் பார்க்கிறீர்கள், லட்சக்கணக்கில் பணம் தெரிகிறது, தைரியமாக 50,000 ரூபாய்க்குச் செக் கொடுக்கிறீர்கள், செக் திரும்பி வருகிறது. திரும்பியதற்குக் கட்டணம் வேறு. என்னிடம் வந்த ஒருவர் பள்ளிக் கட்டணத்துக்கு அப்படிக் கொடுத்து, பிள்ளை முன்னால் தலைகுனிந்தார். கார்டை ரத்து செய்து ஆறு மாதமாகியிருந்தது, பிடியை எடுக்க மட்டும் யாருக்கும் நேரமில்லை. ஆகவே கடனை அடைத்ததும் அல்லது கார்டை மூடியதும், லியன் நீங்கியதா என்று எழுத்தில் கேளுங்கள். எஃப்.டி.யைக் காட்டிக் கார்டோ கடனோ வாங்காதவருக்கு இந்தக் கவலை இல்லை.

அப்புறம் ஒன்று. வரம்பை மாற்றப் போகும் நாளில் கிளையில் டை கட்டிய ஒரு தம்பி கண்ணாடி அறைக்கு அழைத்து, ‘எஃப்.டி. அடிக்கடி உடைகிறதே மேடம், இதைவிட நல்ல ஸ்கீம் இருக்கிறது, ஒரே தடவை கட்டினால் போதும், அதிக வட்டி’ என்பார். அது எஃப்.டி. அல்ல, காப்பீட்டு பாலிசி. ஐந்து வருடம் பணத்தை வெளியே எடுக்க முடியாது, எடுக்க அனுமதித்தாலும் வெட்டு விழும். வட்டி என்ற சொல்லே அதில் இருக்காது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசி கைக்கு வந்த முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், சிறு கழிவு போக மீதி வரும். அந்த முப்பது நாளும் உங்களுக்குத் தெரியாமல் போகட்டும் என்றுதான் பாலிசிப் புத்தகத்தை அவ்வளவு தடிமனாக அச்சடிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

வரி பற்றி ஒரு வரி: ஸ்வீப்பில் வருவது எஃப்.டி. வட்டி. சேமிப்பு வட்டிக்குப் பழைய வரிமுறையில் கிடைக்கும் 10,000 ரூபாய் கழிவு இதற்குப் பொருந்தாது.