பழைய கட்டையும் புதுக் கட்டையும்: டார்ச் கேள்வி பதில்

மூணு செல் டார்ச்சில் ரெண்டு புதுசு, ஒண்ணு பழசு போட்டேன். மங்கலா எரிஞ்சு, உள்ளே கசிஞ்சும் போச்சு. ஏன் அண்ணா?

ஏற்காட்டில், நாகலூர் பக்கத்துக் காபித் தோட்டத்தில் வயரிங் வேலை. மழையில் கரண்ட் போய்விட்டது. என்னிடம் தொழில் பழகும் பையன் கடைக்கு ஓடினான். ரெண்டு கட்டைதான் கிடைத்தது. டார்ச்சில் இருந்த மூன்றில் ஒன்றை விட்டுவிட்டு மற்ற ரெண்டையும் மாற்றினான். அப்படியும் வெளிச்சம் மஞ்சளாகவே இருந்தது.

"பல்பு போச்சாண்ணா?" என்றான்.

மீட்டரை எடுக்கச் சொன்னேன். செல்களை வெளியே எடுத்து அளந்தான். புதுசு ஒவ்வொன்றும் 1.5 வோல்ட், பழசு 1.1. "மொத்தம் 4.1 இருக்கு, பல்பு 3.8 தானேண்ணா" என்றான். கூட்டல் சரிதான். ஆனால் அளந்தது சும்மா கிடந்த செல்லை.

மூன்றையும் மேசையில் வரிசையாக டேப் ஒட்டி, ஒயர் துண்டால் பல்பை இணைத்து, எரியும்போதே ஒவ்வொன்றாக அளக்க வைத்தேன். புதுசு ரெண்டும் 1.4 காட்டின. பழசில் மைனஸ் 0.27. முனையை மாற்றி வைத்துவிட்டதாக நினைத்து இன்னொரு முறை பார்த்தான். மைனஸ்தான்.

அப்புறம் பழசை எடுத்துவிட்டு அந்த இடைவெளியை ஒயரால் இணைக்கச் சொன்னேன். ஒரு செல் குறைந்தும் பல்பு முன்னைவிடச் சற்றுக் கூடுதலாக எரிந்தது! அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

காரணம் இதுதான். வரிசையில் இருக்கும் மூன்று செல்லிலும் ஒரே கரண்ட்தான் ஓடும். செல் பழசாக ஆக அதன் உள் தடை ஏறும். அந்தக் கட்டைக்கு ஏறக்குறைய 6 ஓம். ஓடிய கரண்ட் சுமார் 0.23 ஆம்பியர். பெருக்கினால் 1.4 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. செல் தருவது 1.1, உள்ளேயே இழப்பது அதைவிட அதிகம். மீதி இழப்பைப் புது செல்கள்தான் சுமந்தன.

கசிவும் அதே பழசில்தான் தொடங்கும். சாதா செல்லில் துத்தநாக டப்பாதான் சுவர், கரைந்து மின்சாரம் தருவதும் அதுவே. ஏற்கெனவே மெலிந்த சுவரை மற்ற ரெண்டும் மேலும் கரைய வைக்கின்றன. ஓட்டை விழுந்து உள்ளிருப்பது வழியும், ஸ்பிரிங் அரித்துப்போகும். எல்லாவற்றையும் ஒரே நாளில், செட்டாக மாற்றுங்கள்.

புது செல் பழசை சார்ஜ் செய்யுமாம், அதனால்தான் கெடுகிறதாம். எங்கள் வாத்தியார் சொன்னது.

பக்கவாட்டில், பிளஸ்ஸோடு பிளஸ்ஸைச் சேர்த்தால் வாத்தியார் சொன்னபடி பழசுக்குள் கரண்ட் ஏறும். டார்ச்சில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. அங்கே பழசு சார்ஜ் ஆவதில்லை, மேலும் காலியாகிறது.

தம்பி, பழசை வெயிலில் காயவைத்து நடுவில் போடுவோம். எங்கள் தோட்டத்தில் நன்றாகத்தான் எரிந்தது.

ஐயா, எரிந்திருக்கும். ஓய்வு கொடுத்தால் சாதா செல் ஓரளவு தேறும், சூட்டில் உள் தடையும் குறையும். மலைக்குளிரில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் தேறியது கொஞ்ச நேரத்துக்குத்தான், கரைந்த துத்தநாகம் திரும்பி வராது. நடு, ஓரம் எல்லாம் ஒன்றுதான், கரண்ட் எங்கும் ஒன்றே.

வெயிலில் வைத்தது ஒரு வாரம்கூட ஓடியது, தம்பி. கொஞ்ச நேரம் என்கிறீர்கள்!

தினமும் எவ்வளவு நேரம் எரித்தீர்கள் என்பதைப் பொறுத்தது, ஐயா. மாட்டுக் கொட்டகைக்கு ரெண்டு நிமிடம் போய்வந்தால் ஒரு வாரம் வரலாம். ராத்திரிக் காவலுக்கு வராது. ஒரு வேண்டுகோள்: சுவர் மெலிந்த கட்டையைச் சூடாக்கினால் கசிவு சீக்கிரம் வரும். அடுப்போரம் மட்டும் வைக்காதீர்கள்.

அடுப்போரம் வைத்ததில்லை. வெயில்தான். இன்னும் வைப்பேன்.

வையுங்கள் ஐயா, மூன்றையும் சேர்த்து.

ரிமோட்டில் ஒண்ணு பழசு போடலாமா?

வேண்டாம். செட்டாக.

நாலு செல் ரேடியோவில்?

மேலே சொன்னதுதான். செட்டாக.

என் பேரனின் கார் ரீசார்ஜ் செல்லில் ஓடுகிறது. ஒன்று தொலைந்ததால் சாதா செல் போட்டேன், ஓடுகிறது.

எடுத்துவிடுங்கள் அம்மா. முதலில் எது காலியாகிறதோ அதை மற்றவை மைனஸாகப் புரட்டும். முக்கியமாக, அந்தச் சாதா செல் தவறிக்கூட சார்ஜருக்குப் போகக்கூடாது.

ரெண்டு கம்பெனி செல், ரெண்டும் புதுசு?

ஒரே வகை என்றால் பெரிய கெடுதல் கண்டதில்லை. இருந்தாலும் ஒன்று முன்னால் தீரலாம், நான் போடமாட்டேன். ஆல்கலைனையும் சாதாவையும் கலக்கவே வேண்டாம்.

இன்வெர்ட்டர் பேட்டரி ரெண்டில் ஒண்ணை மட்டும் மாத்தலாமா?

அது ஆசிட் பேட்டரி, வேறு கணக்கு. பேட்டரிக்காரரிடம் லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

கழித்த செல்லை என்ன செய்வது?

ஒற்றைச் செல் சுவர்க் கடிகாரத்தில் சில காலம் ஓடும், அதற்கு மிகக் குறைந்த கரண்ட் போதும். கசிவு தெரிந்ததைப் போடாதீர்கள்.

ஆல்கலைன் செல் கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

அது காரம். வெறும் கையால் தொடாமல், பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடையுங்கள். பின் ஈரத்துணி, நன்றாகக் காயவைத்து உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். பச்சை ஏறி உதிர்ந்த ஸ்பிரிங்கை மாற்றுவதுதான் வழி.