பகலில் வெள்ளரிக்காய், இரவில் பரோட்டா வீடியோ

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 23. சென்னையில் பி.ஜி.யில் தங்கி வேலை பார்க்கிறேன். உயரம் 160 செ.மீ., எடை 56 கிலோ. 'ஒரு நாளில் நான் சாப்பிடுவது' என்று என் வயதுப் பெண்கள் போடும் ரீல்ஸைப் பார்த்து, நான்கு மாதமாக நானும் அப்படியே சாப்பிடுகிறேன். காலையில் பிளாக் காபி, மதியம் வெள்ளரிக்காயும் இரண்டு முட்டையும், மாலையில் ஒரு ஆப்பிள். இரவுச் சாப்பாடு கிடையாது. ஆனால் பதினொரு மணிக்கு மேல் ஒரு பிஸ்கட்டில் ஆரம்பித்து இரண்டு பாக்கெட், மிக்சர், ரூம்மேட்டின் பிரெட் வரை போய்விடுகிறது. நிறுத்த முடிவதில்லை. வாரத்தில் மூன்று நாளாவது இப்படி. மறுநாள் இன்னும் குறைத்துக்கொள்கிறேன். அவர்களால் முடிவது என்னால் மட்டும் ஏன் முடியவில்லை? எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

அந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் போனில் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? உணவு ஆலோசனைக்கு என்னிடம் வரும் பெண்களிடம் இதைத்தான் முதலில் கேட்பேன். கொஞ்சம் வெட்கத்தோடு போனைத் திறந்து காட்டுவார்கள். ஒரு ரீலில் ஒட்டிய வயிறு, அடுத்ததில் கல்லில் வீசுகிற பரோட்டா, அதற்கடுத்து மறுபடி ஒட்டிய வயிறு. நீங்கள் எதில் நின்று பார்க்கிறீர்களோ அதையே இன்னும் கொண்டுவந்து தருவதுதான் அந்தச் செயலியின் வேலை. பசித்திருக்கும் ஆள் சாப்பாட்டில்தான் நிற்பார்.

இது இன்றைக்கு நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1945-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். நல்ல உடல்நிலையில், தாமாக முன்வந்த 36 இளைஞர்கள். 24 வாரம் அவர்களுக்குக் கொடுத்தது நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. நீங்கள் எழுதியிருக்கும் பகல் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தால் அதில் பாதிகூட வராது. சில வாரங்களில் அந்த ஆண்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சில்லை. அதுவரை சமையல்கட்டுப் பக்கமே போகாதவர்கள் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்து, படுக்கையில் வைத்து வாசித்தார்கள். சோதனை முடிந்து சாப்பாட்டை அவிழ்த்துவிட்டபோது, வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாமல் தின்றவர்கள் அவர்களில் உண்டு. ரீல்ஸும் இல்லாமல், ஒல்லியாகும் ஆசையும் இல்லாமல் இவ்வளவும் நடந்தது. உங்கள் பதினொரு மணி பிஸ்கட்டும் அதே பசிதான். இதில் மனக்கட்டுப்பாட்டை ஏன் இழுக்க வேண்டும்?

அப்படியானால் ரீல்ஸ் எங்கே வருகிறது? பட்டினியைத் தொடங்கிவைப்பது அதுதான். நடிகையைப் பார்த்தால் 'அவர் வேறு உலகம்' என்று விட்டுவிடுகிறோம். உங்கள் வயதில், உங்களைப் போலவே ஒரு பி.ஜி. அறையில் நின்று பேசுகிற பெண்ணை அப்படி விட முடிவதில்லை. போதாததற்கு அந்த வீடியோ முதலில் வயிற்றைக் காட்டும், பிறகு தட்டைக் காட்டும். இந்தத் தட்டால்தான் அந்த வயிறு என்று நாமே முடிச்சுப் போட்டுக்கொள்கிறோம். எலும்பின் அமைப்பு, பரம்பரை, மூச்சை இழுத்துக்கொண்டு நின்ற பத்து விநாடி எதுவும் கணக்கில் வராது. அவரும் இரவு பதினொன்றரைக்கு என்ன தின்றார் என்று யாருக்குத் தெரியும்? அதை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை.

உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் பிஎம்ஐ 21.9. இந்தியர்களுக்கு 18.5 முதல் 22.9 வரை சரியான எடை. குறைக்க வேண்டியது எதுவும் இல்லை.

செய்ய வேண்டியது உங்களுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். இரவை விட்டுவிட்டுக் காலையைச் சரிசெய்யுங்கள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் மூன்று இட்லியோ இரண்டு தோசையோ, சாம்பாரோடு. மதியம் சோறு. நாலு மணிக்குச் சுண்டலோ கடலையோ. எட்டு மணிக்கு இரவுச் சாப்பாடு. ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் நாலு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். முதல் வாரம் வயிறு உப்பும், எடை ஒரு கிலோ ஏறியதுபோல் காட்டும். அது பெரும்பாலும் நீர். தராசை எடுத்து உள்ளே வையுங்கள். முக்கியமானது இன்னொன்று: ஒரு இரவு மறுபடி அதிகமாகத் தின்றுவிட்டாலும் மறுநாள் காலை இட்லியைக் குறைக்காதீர்கள். அங்கே குறைத்தால் அன்றிரவே பழைய கதை திரும்பும்.

போனைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன், நானே செய்யாததை. ஆனால் கனடாவில் 17 முதல் 25 வயது வரையுள்ளவர்களைச் சமூக ஊடகத்தை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பலர் அந்தக் கணக்கைத் தாண்டினாலும், பார்க்கும் நேரம் பாதியாகக் குறைந்தது. மூன்றே வாரத்தில் தங்கள் தோற்றத்தையும் எடையையும் பற்றிய அவர்களுடைய எண்ணம் தேறியிருந்தது. 2023-இல் வெளியான ஆய்வு. இட்லி ஆரம்பிக்கும் அன்றே இதையும் ஆரம்பியுங்கள்.

அப்புறம், வாரம் மூன்று முறை, நான்கு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். வாரம் ஒரு முறை வீதம் மூன்று மாதம் நீடித்தாலே மருத்துவர்கள் அதை உணவுக் கோளாறாக இருக்கலாமா என்று பார்ப்பார்கள். ஆகவே என் பதிலோடு நிற்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். தின்றதை வாந்தி எடுப்பது, மலமிளக்கி மாத்திரை போடுவது, மாதவிடாய் நின்றுபோனது, தலைசுற்றல் இதில் ஏதாவது இருந்து கடிதத்தில் எழுதாமல் விட்டிருந்தால், இந்த வாரமே போங்கள். வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும், அது இதயத் துடிப்பையே பாதிக்கும். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலிமானஸ் எண் அது, தமிழிலேயே பேசலாம்.

ரூம்மேட்டிடம் பிரெட் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். இரவு எட்டு மணிச் சாப்பாட்டுக்கு ஒரு துணை கிடைக்கும்.

அன்புடன்,
அக்கா