ஒரு பக்கம் மட்டும் வியர்க்காத முகம்

“அப்பா சுங்கை சிப்பூட் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். வலது இமை தொங்குகிறது, கண்மணி சிறுத்துவிட்டது, வெயிலிலும் வலப்பக்க முகம் வியர்ப்பதில்லை. கண்ணில் கோளாறா?”

கண்ணில் இல்லை, கண்ணுக்கு வரும் பரிவு நரம்பின் வழியில். கண்மணியை விரிப்பதும், இமையைத் தூக்க உதவுவதும், முகத்தை வியர்க்க வைப்பதும் இந்த நரம்புதான். இதை ஹார்னர் சிண்ட்ரோம் என்பார்கள். அந்த நரம்பு மூளையிலிருந்து முதுகுத்தண்டில் இறங்கி, நுரையீரல் உச்சியை ஒட்டி, கழுத்துத் தமனியோடு மேலே ஏறுகிறது. தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் முகத்தின் வியர்வை நரம்புகள் பெரும்பாலும் விலகிப் போய்விடும். பாதி முகமே வறண்டிருப்பதால், பழுது அதற்கு முன்பே இருக்கலாம்.

இரவில் விளக்கை அணைத்துப் பாருங்கள்: இடது கண்மணி உடனே விரியும், வலது மெதுவாகத்தான் விரியும்.

அப்பா புகைப்பவரா? வலது தோளிலோ கையிலோ விடாத வலி உண்டா? அப்படியென்றால் நுரையீரல் உச்சியில் கட்டி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். எக்ஸ்ரேயில் அது எலும்புக்குப் பின்னால் மறைந்துவிடலாம். சிடி ஸ்கேன் கேளுங்கள். கழுத்து வலியோடு திடீரென வந்திருந்தால் தமனி உள்சுவர் கிழிந்திருக்கலாம், அதனால் பக்கவாதம் வரலாம். இன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.