3 கிலோவாட் காற்றாலை என்கிறார்கள், இறக்கை ஒரு மீட்டர்தான்

கேள்வி: ஐயா, திருப்போரூர் பக்கம் ஒன்றரை ஏக்கரில் கீரையும் வெண்டையும் போட்டு கோயம்பேட்டுக்கு அனுப்புகிறேன். கரண்ட் இணைப்பு இன்னும் வரவில்லை. டீசல் இன்ஜின் கட்டுப்படியாகவில்லை. சென்னையிலிருந்து வந்த டீலர், 3 கிலோவாட் காற்றாலை வைத்தால் என் 3 எச்.பி. மோட்டார் ஓடும், 80 சதவீதம் திறன் என்கிறார். 30 அடிக் கம்பம். இறக்கை ஒவ்வொன்றும் ஒரு மீட்டர். கிழக்கே பக்கத்து நிலத்தில் சவுக்குத் தோப்பு இருந்தாலும், கடல் பக்கம் என்பதால் காற்றுக்குக் குறைவில்லை என்கிறார். மூன்று இறக்கை போதுமா, கூடப் பணம் போட்டு ஐந்து இறக்கை வாங்கவா? வெள்ளிக்கிழமை முன்பணம் கேட்கிறார்.

பதில்: வெள்ளிக்கிழமை பணம் கொடுக்காதீர்கள். ஐந்து இறக்கைக்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். இறக்கை கூடினால் மெல்லிய காற்றிலேயே சுற்றத் தொடங்கும், அவ்வளவுதான். நேரடியாகத் தண்ணீர் இறைக்கும் காற்றாலைகளில் நிறையத் தகடுகள் இருப்பது அதற்காகவே. மின்சாரம் எவ்வளவு வரும் என்பதை இறக்கை சுற்றும் வட்டத்தின் பரப்பும் அதில் வீசும் காற்றின் வேகமும் தீர்மானிக்கின்றன. அந்த 3 கிலோவாட் எந்த வேகக் காற்றில் கிடைக்கும்? நீங்கள் டீலரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

கணக்கு ஒரே வரிதான்:

P = ½ × ρ × A × v³

ρ என்பது காற்றின் அடர்த்தி. நம் கடலோரச் சூட்டில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 1.16 கிலோ. A என்பது வட்டத்தின் பரப்பு. ஒரு மீட்டர் இறக்கை என்றால் 3.14 சதுர மீட்டர். v என்பது விநாடிக்கு எத்தனை மீட்டர் காற்று வீசுகிறது என்பது. வேகம் மும்மடியாக ஏறுவதைக் கவனியுங்கள். காற்று பாதியானால் மின்சாரம் எட்டில் ஒன்றாகிவிடும்.

இந்த மாதிரிச் சின்ன காற்றாலைகளின் லேபிளில் போடும் கிலோவாட், பெரும்பாலும் 12 மீட்டர் வேகத்துக்கு உரியது. குடை பிடித்து நடப்பதே சிரமமாகும் காற்று அது. அந்தக் காற்றில் உங்கள் வட்டத்தின் வழியே போகும் மொத்த ஆற்றலே 3,150 வாட்தான். அதில் 3 கிலோவாட் எடுத்துத் தருவதாகச் சொன்னால், வீசும் காற்றை ஏறக்குறைய மிச்சமில்லாமல் உறிஞ்சிவிடுவதாகப் பொருள். அது எந்த இயந்திரத்தாலும் முடியாது.

ஏன் முடியாது என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் நூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். காற்றின் ஆற்றல் முழுவதையும் இறக்கை பிடுங்கிக்கொண்டால், காற்று இறக்கைக்குப் பின்னால் அப்படியே நின்றுவிடும். பேருந்தின் பின்படியில் இறங்க வேண்டியவர்கள் இறங்காமல் நின்றால் முன்படியில் யாரும் ஏற முடியாதே, அந்தக் கதைதான். பின்னால் வரும் காற்று இறக்கைக்குள் நுழையாமல் சுற்றிப் போய்விடும். மாறாக, கொஞ்சமாக மட்டும் பிடுங்கினால் ஆற்றல் கைக்கு வராமல் கடந்துவிடும். இரண்டுக்கும் நடுவே சிறந்த இடம், வெளியேறும் காற்றின் வேகம் வந்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்காக இருப்பது. அப்போது இறக்கையைக் கடக்கும் காற்றிலிருந்து 9இல் 8 பங்கு ஆற்றல் கிடைக்கும். ஆனால் வட்டத்துக்குள் நுழையும் காற்றின் அளவோ மூன்றில் இரண்டு பங்குதான். இரண்டையும் பெருக்கினால் 27இல் 16, அதாவது 59.3 சதவீதம். இதற்கு மேல் இறக்கைக்கு வழியில்லை. இதுதான் பெட்ஸ் எல்லை.

அப்படியானால் டீலரின் 80 சதவீதம்? ஜெனரேட்டரின் திறனைச் சொல்லியிருக்கலாம். ஜெனரேட்டருக்கு அது சாத்தியம். ஆனால் அது இறக்கை பிடித்த ஆற்றலில் 80 சதவீதமே தவிர, காற்றின் ஆற்றலில் அல்ல. இதைச் சொல்லாமல் விட்டு விற்பவரைத் தெரியாதவர் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பெரிய காற்றாலைகளே 45 சதவீதத்தை ஒட்டித்தான் தருகின்றன. சிறியவற்றில் எல்லா இழப்பும் போக 30 சதவீதம் கிடைத்தால் நல்ல இயந்திரம்.

இப்போது உங்கள் நிலத்துக்கு வருவோம். தாழ்ந்த கம்பத்தில் சராசரி 4 மீட்டர் காற்று என்று தாராளமாகவே வைக்கிறேன். இலைகளும் சிறு கிளைகளும் விடாமல் அசையும் காற்று அது. வட்டத்தின் வழியே போகும் ஆற்றல் 117 வாட். பெட்ஸ் எல்லைப்படி 69 வாட். கைக்கு வருவது 35 வாட். இரண்டு மூன்று எல்.இ.டி. பல்பு எரியும். உங்கள் மோட்டாருக்கு ஓடும்போதே 2,800 வாட் போலத் தேவை. இந்தக் காற்றில் அதை நேரடியாக ஓட்ட 9 மீட்டர் நீள இறக்கை வேண்டும்.

சராசரி வேகத்தை மும்மடியாக்குவது காற்றாலைக்கு அநியாயம் என்று டீலர் வாதிடலாம். அதில் நியாயம் இருக்கிறது. நாள் முழுக்க 4 மீட்டர் வீசினால் மும்மடி 64. பாதி நேரம் 2, பாதி நேரம் 6 என்று வீசினால் சராசரி அதே 4தான், ஆனால் மும்மடிகளின் சராசரி 112. அதனால் ஆண்டு மொத்தத்தில் என் 35 வாட் ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். ஆனாலும் ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்தான். மோட்டாரை அரை மணி நேரம் ஓட்ட அது போதும், அதுவும் பேட்டரியில் சேர்த்து வைத்தால்.

என்னிடம் யார் காற்றாலை பற்றிக் கேட்டாலும் நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றுதான்: காற்றை அளக்காமல் காற்றாலை வாங்காதீர்கள். ஒரு வேகமானியை, மணிக்கு மணி பதிவு செய்யும் கருவியோடு, காற்றாலை நிற்கப்போகும் அதே உயரத்தில் கட்டுங்கள். ஆண்டு முழுக்க அளப்பது உத்தமம். முடியாவிட்டால் தென்மேற்குப் பருவத்திலும், பங்குனி சித்திரையின் பிற்பகல் கடல்காற்றிலும், வடகிழக்குப் பருவத்திலும் தனித்தனியாகவாவது அளக்க வேண்டும். கைபேசியில் பார்க்கும் வானிலைச் செயலியை நம்பாதீர்கள். அது உங்கள் சவுக்குத் தோப்பைப் பார்த்ததில்லை. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் காற்று வரைபடம் தரமானது. ஆனால் அது 100 மீட்டரும் அதற்கு மேலுமான உயரங்களில் நிற்கும் பெரிய காற்றாலைகளுக்கானது. மரமே இல்லாத வெளியில்கூட 100 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு இறங்கினால் வேகம் முக்கால் பங்குக்கும் கீழே போகும். மும்மடியில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டித்தான் நிற்கும்.

உங்களுக்கு அந்த வெளியும் இல்லை. கடல்காற்று வருவது கிழக்கிலிருந்து. அதே கிழக்கில் தோப்பு. வளர்ந்த சவுக்கு 30 அடிக் கம்பத்தைத் தாண்டி நிற்கும். சுற்றியுள்ள 500 அடிக்குள் உயரமான மரம் எதுவோ, அதைவிட 30 அடி மேலே இறக்கையின் கீழ்முனை இருக்க வேண்டும். தோப்புக்குப் பின்னால் காற்று குறைவது மட்டுமல்ல, சுழன்று குழம்பியும் வரும். வால் இப்படியும் அப்படியும் ஆடும், தாங்கி சீக்கிரம் தேயும். உயரமான கம்பம் போட்டாலோ புயலுக்குக் கணக்குப் போட வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது சென்னை மரங்கள் என்ன ஆயின என்று பார்த்தோமே. பலத்த காற்றில் தானாகத் திரும்பிக்கொள்ளும் அமைப்பு இருக்கிறதா, கம்பத்தைச் சாய்த்து இறக்க முடியுமா என்று உங்கள் டீலர் ஒரு வார்த்தையாவது சொன்னாரா?

உங்கள் வேலைக்கு சூரியசக்தி பம்புதான் சரி. வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டு. பட்டா, அடங்கலோடு விண்ணப்பியுங்கள். அதற்குப் பிறகும் காற்றாலை ஆசை விடவில்லையென்றால், வட்டத்தின் விட்டம் எவ்வளவு, 4, 5, 6 மீட்டர் காற்றில் தனித்தனியாக எத்தனை வாட் என்று டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் வட்டத்துக்கு 5 மீட்டரில் 135 வாட்டுக்கு மேல் எழுதிக் கொடுத்தால் அவர் பெட்ஸ் எல்லையையே தாண்டுகிறார். அந்தத் தாளை எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.