டிஷ்யூவில் தெரியும் சிவப்பு ரத்தம்: மூலமா, ஆசனவாய் வெடிப்பா?

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு மாதமாக மலம் கழித்த பின் டிஷ்யூவில் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் தெரிகிறது. போகும்போது கத்தியால் கீறுவது போல வலி, அதன் பின் இரண்டு மணி நேரம் எரிச்சல். ஓரத்தில் சின்னதாக ஒரு சதை இருக்கிறது. மருந்துக் கடையில் மூலம் என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள், குணமாகவில்லை. இது மூலம்தானா? கொலனோஸ்கோபி செய்ய வேண்டுமா?

பதில்:

ஒரு மாவட்டத் தலைநகரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அறுவைச் சிகிச்சை மருத்துவராக இருக்கிறேன். உங்களை நேரில் பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது என்றாலும், உங்கள் விவரங்கள் மூலத்தை விட ஆசனவாய் வெடிப்பையே காட்டுகின்றன. அப்படிச் சொல்வதற்குக் காரணம் உங்களுக்கு இருக்கும் வலி. ரத்தத்தின் நிறத்தை வைத்து இவ்விரண்டையும் பிரிக்க முடியாது, ஏனெனில் இரண்டிலுமே ரத்தம் சிவப்பாகத்தான் வரும்.

ஆசனவாய்க் குழாய் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளமே உள்ளது. அதன் விளிம்பிலிருந்து சுமார் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே ஓர் எல்லைக்கோடு உண்டு. அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது தோலைச் சேர்ந்த பகுதி; விரல் நுனியைப் போல அங்கே உணர்வு நரம்புகள் நிறைந்திருக்கின்றன. கோட்டுக்கு மேலே இருப்பது குடலின் உட்சவ்வு. அங்கே கீறினாலும் வலி தெரியாது. உள்மூலம் கோட்டுக்கு மேலே தோன்றுகிறது, வெடிப்பு கோட்டுக்குக் கீழே ஏற்படுகிறது. ஆகவேதான் உள்மூலக்காரர் வலியே இல்லாமல் ரத்தம் சொட்டுவதையோ பீய்ச்சுவதையோ பார்த்துப் பதறி வருகிறார். வெடிப்பு உள்ளவரோ ஒரு கீற்று ரத்தத்துக்கு, கழிப்பறைக்குப் போகவே அஞ்சும் அளவு வலியோடு வருகிறார். மூலத்திலும் கடும் வலி வருவதுண்டு. வெளிமூலத்தில் ரத்தம் உறைந்துவிட்டால் ஒரே நாளில் நீல நிறத்தில் ஒரு கட்டி எழும்பி, உட்கார முடியாமல் செய்துவிடும். ஆனால் அந்த வலி நாள் முழுவதும் இருக்கும். மலம் கழிக்கும் நேரத்தை ஒட்டி மட்டும் வந்து போகாது.

உங்கள் வலியின் போக்கைக் கவனியுங்கள். மலம் வெளியேறும்போது கீறல், பிறகு மணிக்கணக்கில் எரிச்சல். முதல் வலி, கிழிந்த இடம் விரிவதால் வருகிறது. பின்னது, உள் சுருக்குத் தசை இறுகிப் பிடித்துக்கொள்வதால் வருகிறது. வெடிப்பு ஆறாமல் போவதற்கும் அந்த இறுக்கமே காரணம். பெரும்பாலான வெடிப்புகள் பின்புறம், முதுகெலும்பின் நேர்கோட்டில் ஏற்படுகின்றன. அந்த இடத்துக்கு இயல்பாகவே ரத்த ஓட்டம் குறைவு. தசை இறுகும்போது அது மேலும் குறைகிறது. வலிக்கு அஞ்சி மலத்தை அடக்குவதால் மலம் இறுகி, அடுத்த முறை மீண்டும் கிழிக்கிறது. இரவுப் பணிக் காலத்தில் தண்ணீர் குடிக்காமல் நானே இந்தச் சுழற்சியில் ஆறு வாரம் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் பிறகு இந்த நோயாளிகளை அவசரமாக விரலால் பரிசோதிப்பதை விட்டுவிட்டேன்.

ஓரத்தில் தெரிவதாக நீங்கள் எழுதியுள்ள சதை, பல நாள் ஆறாத வெடிப்பின் கீழ் முனையில் வளரும் தோல் மடிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊரில் 'மூலம்' என்று முத்திரை குத்தப்படுபவற்றில் கணிசமானவை இந்த மடிப்புகளே. மருந்துக் கடைக் களிம்புகளில் பெரும்பாலும் மரத்துப்போகச் செய்யும் மருந்து இருக்கும், சிலவற்றில் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். அவை வலியைச் சற்று மறைக்குமே தவிர தசையின் இறுக்கத்தைத் தளர்த்தாது. ஸ்டீராய்டை நீண்ட நாள் தடவினால் அங்குள்ள தோல் மெலிந்தும் போகும். பேருந்து நிலையச் சுவர்களில் 'மூலம், பௌத்திரம், ஊசியில் குணம்' என்று ஒட்டியிருப்பதை நம்பிப் போய், வெடிப்புக்கு மூல ஊசி போட்டுக்கொண்டு சீழ்க்கட்டியோடு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆறு வாரத்தைத் தாண்டிய வெடிப்புக்கு நான் வழக்கமாகத் தருவது டில்டியாசெம் 2 சதவீதக் களிம்பு. பட்டாணி அளவு எடுத்து, ஆசனவாயின் விளிம்பிலும் சற்று உட்புறத்திலும் நாளுக்கு இருமுறை, ஆறு முதல் எட்டு வாரம் தடவ வேண்டும். இது மருத்துவர் சீட்டின் பேரில் வாங்க வேண்டிய மருந்து. இரண்டாவது வாரத்திலேயே வலி போய்விடுவதால் பலர் நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே புண் ஆறியிருக்காது, ஒரு மாதத்தில் மீண்டும் வருவார்கள். இதோடு இரவில் இசப்கோல் ஒரு மேசைக்கரண்டி, ஒரு பெரிய குவளைத் தண்ணீருடன்; தண்ணீர் குறைந்தால் அதுவே மலத்தை அடைத்துவிடும். மலம் கழித்த பின் வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பேசினில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்வது தசையைத் தளர்த்தும். அந்த நீரில் டெட்டால் கலக்க வேண்டாம், அது புண்ணை எரிக்கும். இவ்வளவும் செய்து ஆறாதபோதுதான் தசையின் ஒரு பகுதியை வெட்டிவிடும் சிறிய அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு, அதாவது கேமராக் குழாயைச் செலுத்திப் பெருங்குடலை உள்ளே பார்க்கும் கொலனோஸ்கோபி தேவையா என்பதற்கு வருகிறேன். நான் அதிகம் அஞ்சுவது இங்கே நடக்கும் ஒரு தவறைப் பற்றித்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் 47 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவர் வந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக மூலத்துக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். ரத்தம் சிவப்பு, வலி இல்லை, மலச்சிக்கலும் உண்டு என்றார். ஆசனவாயின் உட்புறத்தைப் பார்க்க உதவும் சிறிய குழாய்க் கருவியை வைத்துப் பார்த்தபோது உண்மையாகவே உள்மூலம் இருந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். "காலையில் எத்தனை தடவை போவீர்கள், அம்மா?" என்று கேட்டேன். "நாலு தடவை போறேன் சார், ஆனா வெளியே வர்றது சளியும் ரத்தமும்தான், இன்னும் மிச்சம் இருக்கிற மாதிரியே இருக்கும்" என்றார். ஹீமோகுளோபின் 9.1 இருந்தது, மாதவிடாய்ப் போக்கினால் என்று முன்பு யாரோ சொல்லியிருந்தார்கள். விரலை முழுமையாக உள்ளே செலுத்தியபோது, அதன் எல்லையில் கடினமான மேடான விளிம்புள்ள ஒரு புண் தட்டுப்பட்டது. கொலனோஸ்கோபியில் திசு எடுத்ததில் மலக்குடல் புற்றுநோய் என்று உறுதியானது. கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்து அறுவை செய்து, சில மாதம் வயிற்றில் பை வைத்து, பிறகு அதை மூடி, இப்போது மீண்டும் பள்ளிக்குப் போகிறார்.

மூலம் இருப்பது, மேலே வேறொன்று இல்லை என்பதற்குச் சான்றாகாது என்பதை அவர் எனக்கு மறக்க முடியாதபடி கற்றுக்கொடுத்தார். மலக்குடலின் கீழ்ப்பகுதியில் வளரும் கட்டி வாசலுக்கு அருகில் இருப்பதால், அதிலிருந்து வரும் ரத்தமும் பளிச்சென்ற சிவப்பாகவே இருக்கும். விரல் பரிசோதனை மூலத்தைக் கண்டுபிடிப்பதற்காகச் செய்யப்படுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உள்மூலம் மெத்தென்று அமுங்கிவிடுவதால் விரலுக்குப் பெரும்பாலும் தட்டுப்படாது. அதைப் பார்ப்பதற்குத்தான் குழாய்க் கருவி. விரல் தேடுவது கட்டியை.

வெடிப்பு நோயாளிகளிடம் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. முதல் நாளில் வலி மிகுதியால் விரலைச் செலுத்த முடியாது, செலுத்தவும் கூடாது. பிட்டத்தை மெதுவாக விலக்கிப் பார்த்தாலே வெடிப்பின் கீழ் முனை தெரிந்துவிடும். பரிசோதனையை ஆறு வாரம் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறோம். ஆறு வாரத்தில் வலி போய்விடுகிறது, நோயாளியும் வருவதில்லை. தள்ளிவைத்த பரிசோதனை அப்படியே நின்றுபோகிறது.

கொலனோஸ்கோபி எப்போது தேவை என்பதற்கு நான் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவை. ரத்தம் மலத்தின் மேற்பூச்சாக இருக்கிறதா, மலத்தோடு கலந்து கருஞ்சிவப்பாக வருகிறதா? கலந்து வந்தால் அது மேலிருந்து வருகிறது. வழக்கம் மாறி மூன்று வாரத்துக்கு மேல் வயிற்றுப்போக்கோ, போக்கும் சிக்கலும் மாறி மாறியோ இருக்கிறதா, சளி போகிறதா, தூக்கத்திலிருந்து எழுந்து போக வேண்டியிருக்கிறதா? முயலாமலே எடை குறைந்திருக்கிறதா? இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருக்கிறதா? மூலமும் நீண்ட நாள் ரத்தம் இழக்கச் செய்து சோகையை உண்டாக்கும்தான். ஆனால் குடலைப் பார்க்காமல் மூலத்தின் மீது பழியைப் போடக் கூடாது. பெற்றோர், உடன்பிறந்தோர் எவருக்கேனும் பெருங்குடல் புற்றுநோய் இருந்ததா? வயது ஐம்பதை நெருங்குகிறதா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும், மூலம் கண்ணெதிரே தெரிந்தாலும், நான் குடலைப் பார்க்கச் சொல்வேன். வயது குறைவு என்பதை மட்டும் வைத்து ஒதுக்குவதும் சரியன்று. நம் நாட்டில் நாற்பது வயதுக்குட்பட்டவர்களுக்கும் மலக்குடல் புற்றுநோய் வருகிறது.

வெடிப்பு இருக்கும் இடமும் ஒரு தடயம். நடுக்கோட்டில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்டு இருந்தாலோ, அழுத்தும்போது வலியில்லாமல் இருந்தாலோ அது சாதாரண வெடிப்பன்று. குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் குரோன் நோய், காசநோய், பால்வினை நோய்கள், அரிதாகப் புற்று ஆகியவற்றைத் தேட வேண்டும். நம் நாட்டில் குரோன் நோயையும் குடல் காசநோயையும் பிரித்தறிவது எளிதன்று. திசுப் பரிசோதனை கட்டாயம்.

நீங்கள் எழுதியதில் இந்தக் குறிகள் எதுவும் இல்லை. ஆனால் குடும்ப வரலாற்றையும் எடையையும் நீங்கள் குறிப்பிடவே இல்லை. அவற்றுக்கும் 'இல்லை' என்பது பதிலானால், இப்போதே கொலனோஸ்கோபிக்கு ஓட வேண்டியதில்லை. இந்த வாரம் ஒரு அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் வெளிப்பரிசோதனையும், ஹீமோகுளோபின் அளவும் செய்துகொண்டு மேற்சொன்ன சிகிச்சையைத் தொடங்குங்கள். தண்ணீரால் கழுவுகிறவர்களுக்கு ரத்தம் நின்றதா என்பது தெரியாமல் போகும் என்பதால், கழுவிய பின் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்ப்பது நல்லது. கட்டி கட்டியாக ரத்தம் போய்த் தலைசுற்றினாலோ, காய்ச்சலோடு ஆசனவாய் அருகே வீங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலி போய்விட்டாலும் ஆறாவது வாரம் மீண்டும் அதே மருத்துவரிடம் சென்று, தள்ளிவைத்த விரல் பரிசோதனையையும் குழாய்க் கருவிப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அன்றைக்கும் ரத்தம் நிற்கவில்லை என்றால், அதற்கான காரணம் அங்கே கண்ணுக்குத் தெரியவும் இல்லை என்றால், கொலனோஸ்கோபிக்கு நாள் குறிக்க வேண்டிய வேளை அதுவே.